மச்சினன் பெயரை சி.ஓ.ஐ. ஃபார்மில் எழுதியபோது

எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு ஏப்ரலும் ஹெச்.ஆர். போர்ட்டலில் ஒரு ஃபார்ம் வரும், கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் டிக்ளரேஷன், சுருக்கமாக சி.ஓ.ஐ. ஃபார்ம். மொத்தம் ஏழு கேள்விதான். வெளியில் வேறு வேலை பார்க்கிறீர்களா, சப்ளையரிடம் பரிசு வாங்கினீர்களா, போட்டி நிறுவனத்தில் பங்கு இருக்கிறதா என்று போகும். ஆம், இல்லை, கீழே விளக்கம் எழுத ஒரு பெட்டி, அவ்வளவுதான். நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தயாரிக்கும் கம்பெனியின் பர்ச்சேஸில் இருக்கிறேன், ஆறு வருடமாக டீ குடித்துக்கொண்டே ஏழுக்கும் 'இல்லை' போட்டு சப்மிட் செய்தவன்.

போன வருடம் மூன்றாவது கேள்வியில் கை நின்றது. உங்களுக்கோ உங்கள் நெருங்கிய உறவினருக்கோ நம் கம்பெனியோடு வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் பங்கு அல்லது பொறுப்பு உண்டா? என் மனைவியின் தம்பி அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஒரு அட்டைப்பெட்டி யூனிட்டில் 20 சதவீதத்துக்குப் பார்ட்னராகச் சேர்ந்திருந்தான். அந்த யூனிட் நான்கு வருடமாக எங்களுக்கு பெட்டி சப்ளை செய்கிறது. அதாவது அவன் வருவதற்கு முன்பே அவர்கள் எங்கள் வெண்டர். நான் கொண்டுவந்தது இல்லை. ஆனால் பெட்டிக்கான கொட்டேஷன்களை வாங்கி ஒப்பிட்டு கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடுவது நான்தான்.

வீட்டில் சொன்னேன். "ஏங்க, சும்மா கிடக்கற சங்கை நீங்களே எடுத்து ஏன் ஊதறீங்க?" என்றாள். ஆபீஸில் ஒரு சீனியர் வேறு மாதிரி தைரியம் சொன்னார்: கம்பெனிச் சட்டத்தில் உறவினர் என்றால் யார் யார் என்று பட்டியலே இருக்கிறது, அதில் மச்சினன் கிடையாது என்று. அவர் சொன்னது உண்மைதான். 2013 சட்டமும் அதற்கான விதியும் கணவன் மனைவி, இந்து கூட்டுக் குடும்ப உறுப்பினர்கள், அப்பா, அம்மா, மகன், மருமகள், மகள், மருமகன், சகோதரன், சகோதரி என்று நிறுத்திக்கொள்கின்றன, மனைவியின் தம்பி அதில் வரமாட்டான். ஆனால் அந்தப் பட்டியல் டைரக்டர்கள் போன்றவர்களோடு கம்பெனி செய்யும் வியாபாரத்தைப் பார்க்கும் சட்டப் பிரிவுகளுக்கு. ஊழியர் ஃபார்மில் 'நெருங்கிய உறவினர்' யார் என்பதைக் கம்பெனியின் பாலிசிதான் முடிவு செய்கிறது. கடைசிப் பக்கத்தை முதல்முறையாகத் திறந்து படித்தேன். மனைவியின் உடன்பிறந்தவர்கள் என்று தெளிவாகவே இருந்தது. ஆறு வருடம் நான் எதற்கு 'இல்லை' போட்டேன் என்றே தெரியாமல் போட்டிருக்கிறேன்.

அப்புறமும் நடுவழி ஒன்று தேடினேன். 'இல்லை' போட்டுவிட்டு விளக்கத்தில் விஷயத்தை எழுதிவிடலாம் என்று. 'இல்லை'யைத் தொட்டதும் பெட்டி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. ஆம் என்றால்தான் எழுத விடும், எழுதாமல் விட்டால் சப்மிட் ஆகாது. சரி என்று 'ஆம்' போட்டு, எல்லோரும் எழுதுவது போலவே நானும் எழுதினேன்: "என் உறவினர் ஒருவர் ஒரு சப்ளையர் நிறுவனத்தில் இருக்கிறார். இதனால் எனக்கு எந்த ஆதாயமும் இல்லை."

மூன்றாம் நாள் கம்ப்ளையன்ஸ் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. உறவினர் என்றால் என்ன முறை? எந்த நிறுவனம்? எப்போதிலிருந்து? அந்த நிறுவனத்தின் கொட்டேஷனிலோ ஆர்டரிலோ பில்லிலோ உங்கள் கை எங்கே படுகிறது? ஆதாயம் இல்லை என்ற வரியை அவர்கள் சீண்டவே இல்லை. போன் செய்து பேசிய அம்மா சொன்னது, "அதை நாங்கதான் சார் முடிவு பண்ணணும், நீங்க நடந்ததை மட்டும் எழுதுங்க." பெட்டியில் 500 எழுத்துதான் கொள்ளும். யூனிட் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, இரண்டாவது தடவை அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"என் மனைவியின் தம்பி நவம்பர் முதல் இந்த யூனிட்டில் 20% பார்ட்னர். யூனிட் 4 வருடமாக நம் வெண்டர், வெண்டராகச் சேர்த்ததில் எனக்குப் பங்கில்லை. பெட்டி கொட்டேஷன் வாங்குவதும் ஒப்பிடுவதும் என் வேலை, ஒப்புதல் மேனேஜர். நவம்பருக்குப் பின் ஜனவரியிலும் மார்ச்சிலும் 2 ஸ்டேட்மென்ட் போட்டேன். எனக்கோ மனைவிக்கோ யூனிட்டில் முதலீடோ கடனோ இல்லை."

இதை எழுதும்போதுதான் உண்மையான சிக்கல் கண்ணில் பட்டது. சூழ்நிலை மாறினால் 30 நாளில் தெரிவிக்க வேண்டும், ஏப்ரல் வரை காத்திருக்கக் கூடாது என்று பாலிசியில் இருக்கிறது. நான் சொன்னது ஐந்து மாதம் கழித்து. ஆம் என்று போட்டதால் எனக்கு எதுவும் நடக்கவில்லை, அந்த ஐந்து மாதத்துக்குத்தான் கேள்வி வந்தது.

இன்டர்னல் ஆடிட் அந்த இரண்டு ஸ்டேட்மென்ட்டையும் எடுத்தார்கள். விலையைத்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், ஏனென்றால் ஜனவரியில் மச்சினன் யூனிட்தான் குறைந்த விலை, மார்ச்சில் இரண்டாவது இடம். வந்த ஆடிட்டர் விலையை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. மெயில் வந்த நேரத்தைப் பார்த்தார். ஜனவரியில் மற்ற இருவர் கொட்டேஷனும் வியாழக்கிழமை வந்துவிட்டன, நான் திறந்தும் பார்த்துவிட்டேன். மச்சினன் யூனிட்டின் மெயில் வெள்ளிக்கிழமை காலை. "கெடு வியாழன்தானே சார், ஒரு நாள் யார் கொடுத்தது?" நான்தான் கொடுத்தேன். அவர்கள் அக்கவுன்டன்ட் போன் செய்து ஜி.எஸ்.டி. வேலையில் மாட்டிக்கொண்டோம், நாளைக்கு அனுப்புகிறோம் என்றார், சரி என்றேன். யாருக்கும் சொல்லும் சரிதான் அது. ஆனால் மற்றவர்கள் விலையைப் பார்த்தபின், உறவுக்காரன் யூனிட்டுக்கு, வாய்மொழியாக ஒரு நாள் என்று பேப்பரில் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஏசி அறையில் முதுகு நனைந்துவிட்டது.

தப்பித்தது பழைய மெயிலால். அதற்கு முந்தைய ஜூலையில் இன்னொரு வெண்டருக்கு இதே மாதிரி ஒரு நாள் கொடுத்து, மேனேஜருக்கும் சி.சி. போட்டிருந்தேன். வழக்கம்தான், தனிச் சலுகை இல்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். தாமதத்துக்காக எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள், கோப்பில் இருக்கிறது.

முடிவாக வந்த ஏற்பாடு இதுதான்: பெட்டி ஐட்டம் முழுவதும் பக்கத்து சீட் நண்பருக்குப் போனது, சிஸ்டத்தில் அந்த யூனிட்டின் கொட்டேஷன் எனக்குத் திறக்காது, விலை பேசும் மீட்டிங்கில் உட்காரக் கூடாது. கேன்டீனில் ஒரு வாரம் "என்னப்பா, மச்சான் கம்பெனியா" என்று ஓட்டினார்கள். வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டம். தீபாவளிக்கு வந்தவன் இலையில் உட்கார்ந்ததும், "மாமா, எங்க பில் நாற்பது நாளா நிக்குது, எப்ப பாஸ் ஆகும்?" என்றான். முன்பென்றால் அக்கவுன்ட்ஸுக்கு ஒரு போன் அடித்திருப்பேன். "மாப்ள, அதை மட்டும் என்கிட்ட கேக்காத, ஆபீஸ் ஐ.டி.க்கு மெயில் போடச் சொல்லு" என்றேன். மனைவி வடையை என் இலையில் வைக்காமல் நேராக அவன் இலைக்குப் போனாள்.

இந்த ஏப்ரலும் ஃபார்ம் வந்தது. 'போன வருடம் சொன்னதேதான்' என்று எழுதினால் ஏற்காது, திரும்ப முழுசாக எழுத வேண்டும். பழையதை நோட்பேடில் வைத்திருந்ததால் அப்படியே ஒட்டி, கொட்டேஷன் வரியையும் ஸ்டேட்மென்ட் வரியையும் எடுத்துவிட்டு, பங்கு இப்போது எவ்வளவு என்று கேட்க மச்சினனுக்குப் போன் போட்டேன். "25 ஆயிடுச்சு மாமா" என்றான், "அதைக்கூடவா கேப்பாங்க?"