கல்யாண நேரலை: கூட்டத்துக்கு நடுவே ஒத்திகை தேறிவிட்டது

நேரலை அனுப்பும் ஓபிஎஸ் மென்பொருளில், நெட் திணறி விழும் ஃபிரேம்களை எண்ணும் `Dropped Frames (Network)` பூஜ்யத்தை விட்டு நகரவே இல்லை. அதுவும் மண்டபம் நிரம்பி வழிந்த நேரத்தில்! தங்கச்சி கல்யாணம் அடுத்த வாரம். அதே மண்டபத்தில் வேறொரு வீட்டு முகூர்த்தம் நடந்தபோது மேனேஜரிடம் கேட்டு ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் வீட்டுப் பழைய கல்யாண வீடியோவை `Unlisted` நேரலையாக ஓடவிட்டேன்.

காலி மண்டபத்தில் நெட்டைச் சோதிப்பது வெட்டி வேலை. மண்டபம் காலியாக இருந்த அன்று அப்லோட் 12 எம்பிபிஎஸ் காட்டியது. கூட்டம் சேர்ந்து எல்லாரும் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தால் அதே டவர் திணறும். இன்னொரு வில்லங்கம், ஸ்பீட்டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து கூட்டிக் காட்டுகிறது. யூடியூபுக்கு நாம் ஆர்டிஎம்பி முறையில் அனுப்பும் நேரலை போவதோ ஒற்றை இணைப்பில். அதனால் `Multi`-யை `Single` ஆக்கி, தாலி கட்டும் நேரத்தை ஒட்டி விட்டு விட்டு அளந்தேன். ஆகக் குறைந்தது 2.3. சராசரியை விடுங்கள், கணக்கு இந்த அடிமட்டத்தில்தான். அதில் 70 சதவீதம் சுமார் 1.6. ஆக வீடியோவுக்கு 1500 கேபிபிஎஸ், ஆடியோவுக்கு 128.

அந்த 1500-க்குள் படத்தை அடக்குவதுதான் பெரும்பாடு. 720பி-யில் மேடை அசையாமல் இருக்கும்வரை அழகாக இருந்தது. அட்சதை விழுந்ததும் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக உடைந்தது. ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக நகர்வதால் முந்தைய ஃபிரேமிலிருந்து எடுத்துக்கொள்ள என்கோடருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. 960x540-க்கு இறக்கி, 25 ஃபிரேம் வைத்து, எக்ஸ்264 ப்ரீசெட்டை `veryfast`-இலிருந்து `faster`-க்கு மாற்றினேன். லேப்டாப் ஃபேன் கதறியது, ஆனால் `Skipped frames` ஏறவில்லை. கனடாவில் ராத்திரி கண்விழித்துப் பார்த்த மாமா, "இப்பதான்டா பொண்ணு முகம் பொண்ணு முகமா தெரியுது" என்றார். கேமராவைக் கையில் பிடித்தால் இதெல்லாம் வீண்; ட்ரைபாட் கட்டாயம்.

`Advanced` பக்கத்தில் `Dynamically change bitrate` டிக் செய்திருக்கிறேன். நெட் இன்னும் சரிந்தால் ஃபிரேமை உதறாமல் தரத்தைக் குறைக்கும். யூடியூபில் `Normal latency`, மாமா அரை நிமிஷம் தாமதமாகப் பார்த்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. புது சேனல் என்றால் நேரலை வசதி திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம், முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து தேடாதீர்கள்.

அடுத்து எஸ்ஆர்டி என்ற வேறொரு அனுப்பும் முறையில் ஒரு விபிஎஸ்ஸுக்கு, அதாவது வாடகை சர்வருக்கு அனுப்பி அங்கிருந்து யூடியூபுக்குத் தள்ளிப் பார்க்க ஆசை. இரண்டு சிம்மின் நெட்டையும் சேர்த்துக் கட்டலாம். கோவில் திருவிழாவுக்கு அதுதான் சரிப்படும். அதற்குள் ஆடியோ பாக்கி கிடக்கிறது. மைக்செட் அண்ணனிடம் மிக்ஸரிலிருந்து லைன் கேட்டிருக்கிறேன். அதை நேரே மைக் இன்புட்டில் சொருகினால் சத்தம் கிழியும். யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று இரவல் வாங்க வேண்டும்.