வேலையை விட்டுத் தனியாகக் கணக்கு எழுதத் தொடங்கினேன்: முதல் மூன்று பேர் கிடைத்த விதம்

நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஏழு வருடம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு, பெப்ரவரி கடைசியில் விலகினேன். சீசன் தொடங்குவதற்குள் மூன்று இடங்களுக்குக் கணக்கு எழுதப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். மூன்றாவது ஆள் கிடைத்தபோது ஜூன் பாதி ஆகிவிட்டது. விளம்பரம் எதுவும் செய்யவில்லை. மூன்று பேரும் தெரிந்தவர்கள் வழியாகவே வந்தார்கள். ஆனால் தெரிந்தவர்களிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் போன நாட்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

முதல் பிழை வட்ஸ்அப்பில் நடந்தது. போனில் இருந்த 46 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினேன்: “கணக்குச் சேவை ஆரம்பித்துள்ளேன், தேவையெனில் தொடர்புகொள்ளவும்.” வாழ்த்து நிறைய வந்தது. இரண்டு பேர் அம்மாவுக்குப் போன் எடுத்து, பிள்ளை ஏன் நல்ல வேலையை விட்டது என்று விசாரித்தார்கள். வேலை ஒன்றும் வரவில்லை. அந்தச் செய்தியை வாசிப்பவருக்குத் தன் கடையில் நான் எதைச் செய்து தருவேன் என்று புரியவே புரியாது. அதைவிடப் பெரிய நட்டம், அதே ஆட்களுக்கு ஒழுங்காக எழுத இன்னும் மூன்று கிழமை பொறுக்க வேண்டியிருந்தது.

பிறகு கொப்பியில் 46 பெயரையும் எழுதி, பக்கத்தில் ஒரே கேள்வி போட்டேன்: என் வேலையை இவர் நேரில் பார்த்திருக்கிறாரா? 11 பேருக்குத்தான் ‘ஓம்’ என்று வந்தது. மிச்சம் எல்லாம் சொந்தக்காரர், கூடப் படித்தவர், கோயிலில் காண்பவர்.

அப்படியிருந்தும் முதலில் கையில் வந்தது சொந்தக்காரர்தான். டவுனில் கடை வைத்திருக்கும் மாமா, “நீயே பார் பிள்ளை” என்று பில் கட்டுகளைத் தந்தார். விலை பேசவில்லை, மாமாவிடம் எப்படிப் பேசுவது என்று விட்டுவிட்டேன். முதல் மாதம் விற்பனைக் கணக்கோடு, வங்கிக்குக் கடிதம், மச்சாளின் வேலை விண்ணப்பம், கடைப் பலகைக்கு எழுத்து எல்லாம் என் தலையில் விழுந்தன. மாதக் கடைசியில் 5,000 ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் வைத்தார். அவர் மேல் பிழை இல்லை, எது என் வேலை என்று நான் சொல்லவில்லையே. அடுத்த மாதம் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். கிழமைக்கு ஒரு நாள் வருவேன், விற்பனையும் கொள்வனவும் பதிவேன், வங்கிக் கூற்றோடு ஒப்பிடுவேன், மாதம் 12,000, மற்றதெல்லாம் தனிக் காசு. மாமா வாசித்துவிட்டு, “இதை முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். சொந்தத்துக்குள் வேலை எடுப்பவர்கள் அந்தத் தாளை முதல் நாளே கொடுங்கள்.

மாமாவின் கூட்டாளி ஒருவர் கிண்ணியாவில் ஹாட்வெயார் வைத்திருக்கிறார், போய்ப் பார் என்றார்கள். மூன்று தடவை பஸ் ஏறிப் போனேன். மூன்று தடவையும் தேநீர் தந்து அன்பாகப் பேசினார். மூன்றாம் நாள்தான், கணக்கையெல்லாம் மருமகன் பார்க்கிறார் என்ற விடயமே வெளியே வந்தது. இப்போது புறப்படுவதற்கு முன்னமே போனில் கேட்டுவிடுகிறேன்: உங்கள் கணக்கை இப்போது யார் எழுதுகிறார், அதில் எது பிந்துகிறது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் போவதில்லை.

இரண்டாவது இடம் அந்த 11 பேருக்குள் இருந்து வந்தது. ஹோட்டலில் களஞ்சியம் பார்த்த அண்ணா இப்போது உப்புவெளியில் ஒரு சின்ன விருந்தினர் விடுதியில் மனேஜர். அவருக்கு எழுதியதை அப்படியே தருகிறேன்: “அண்ணா, மாதம் முடிய நீங்களும் நானும் இருந்து களஞ்சியக் கணக்கையும் பில்லையும் சரிபார்ப்பம், ஞாபகமா? அந்த வேலையை இப்ப வெளியில செய்யிறன். சம்பளப் பட்டியல், சேமலாப நிதி எல்லாம் பிந்திப்போய் நிக்கிற ஆரும் தெரியுமா?” அவரிடம் வேலை கேட்கவில்லை, ஆள் தெரியுமா என்றுதான் கேட்டேன். பத்து நிமிடத்தில் அவரே போன் எடுத்தார். அவருடைய முதலாளிதான் அந்த ஆள்.

அது ஏப்ரல் மூன்றாம் கிழமை. அங்கே ஐந்து ஊழியர்கள். சேமலாப நிதிக்கென்று சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டியிருக்கிறார்கள், ஆனால் பெப்ரவரிக்குரியதும் மார்ச்சுக்குரியதும் கட்டப்படவில்லை. 40,000 ரூபாய் சம்பளக்காரருக்கு ஊழியர் பங்கு 3,200, முதலாளியின் 12 சதவீதம் 4,800, அதற்கு மேல் நம்பிக்கை நிதியத்துக்கு 3 சதவீதம், 1,200. ஒரு மாதத்துக்குரிய சேமலாப நிதி அடுத்த மாதக் கடைசிக்குள் போய்விட வேண்டும். பிந்தினால் 5 சதவீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம் 50 வரை ஏறும். பெப்ரவரிக்குரியதை அந்தக் கட்டணத்தோடும், மார்ச்சுக்குரியதை நேரத்துக்கும் கட்டினோம். முதலாளி அன்றைக்கே மாத வேலையைத் தந்தார்.

மூன்றாவது ஆளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஹோட்டலுக்கு மீன் போட்ட ஐயா. மாதாமாதம் 10ஆம் திகதி காசோலைக்கு என் மேசைக்கு வருவார். காசோலை தயாராகாது என்றால் முதல் நாளே போன் எடுத்துச் சொல்லிவிடுவேன், அவர் வீணாக அலையக் கூடாது என்று. அதை அவர் மறக்கவில்லை.

அவரிடம் போவதற்கு முன் பழைய மனேஜரிடம் போனேன். ஹோட்டலுக்குப் பொருள் போடுகிறவருக்கு நான் வேலை செய்தால் உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டேன். ஹோட்டல் விலை விபரம் வெளியே போகாதவரை பிரச்சினை இல்லை என்றார். நியமனக் கடிதத்தையும் எடுத்து வாசித்தேன். அலுவலகக் கணினியில் இருந்து ஒரு பட்டியல்கூட எடுத்து வரவில்லை. இதில் கவனமாக இருங்கள். திருகோணமலை சின்ன ஊர், பழைய இடத்தில் ஒரு வார்த்தை கெட்டுப்போனால் 11 பேரும் ஒன்றாகப் போய்விடுவார்கள்.

ஐயா ஒரு ரெஜிபோம் பெட்டியைத் தூக்கி வைத்தார். உள்ளே பில் புத்தகங்கள், காபன் பிரதிகளில் மீன் செதில் ஒட்டி, பக்கங்கள் பிரிய மறுத்தன. ஆறு இடங்களுக்கு மீன் போடுகிறார். யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அவர் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. இரண்டு நாள் இருந்து ஒவ்வொரு பில்லையும் வங்கியில் விழுந்த காசோலையோடு பொருத்தினேன். ஒரு ஹோட்டல் 92,600 ரூபாய்க்குப் பதில் 74,200 ரூபாய்க்குக் காசோலை தந்திருந்தது. வித்தியாசம் 18,400, சரியாக ஒரு பில்லின் தொகை. அந்த பில் அவர்களிடம் போய்ச் சேரவே இல்லை, மூலப் பிரதி இன்னும் புத்தகத்திலேயே இருந்தது. இப்படி மூன்று இடங்களில் மொத்தம் 51,000 ரூபாய் வராமல் கிடந்தது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிரதியோடு போய்க் கேட்டதில் இரண்டு இடங்கள் அந்தக் கிழமையே தந்தன. ஐயாவிடம் விலை பேச வேண்டியே வரவில்லை. “மாதம் எவ்வளவு பிள்ளை?” என்றார். 10,000 என்றேன், முதல் மாதத்துக்கு முன்பணம் பாதி. அங்கேயே எண்ணித் தந்தார்.

ஒன்று மட்டும் இன்னும் யோசனையாக இருக்கிறது. விடுதியும் மீனும் சீசனை நம்பியவை. மாரி மழை தொடங்கினால் இரண்டும் ஒன்றாகப் படுக்கும். விடுதி முதலாளியோடு நவம்பர் முதல் மார்ச் வரை பாதிக் கட்டணம் என்று இப்போதே எழுதி வைத்துவிட்டேன். ஐயாவோடு இன்னும் பேசவில்லை. 10ஆம் திகதி காசோலைகளைச் சேர்த்துக்கொண்டு வருவார், அன்றைக்குப் பேச வேண்டும்.