செவ்வாய் 10.15, மறந்துவிடாதீர்கள்

செவ்வாய் காலை 10.15-க்கு சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா மையத்தில் தம்பி மனைவி பூமாவுக்கும் அவள் குழந்தைக்கும் அப்பாயின்ட்மென்ட். வீட்டுக் குழுவில் சொன்னால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும். அதனால் இங்கேயே எழுதுகிறேன், பூமா.

அசல் ஆவணங்களுடன் கையொப்பமிட்ட நகல்களும் வேண்டும். உனக்கு ஆதாரும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும். ஆதாரில் 'இனிஷியல்' மட்டும்தான் இருக்கிறது, விண்ணப்பத்திலோ முழுப் பெயர் கேட்பார்கள். ஆகவே அப்பா பெயர் விரிவாக உள்ள சான்றிதழை மறந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வாய். குட்டி 2024-இல் பிறந்தவள். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு 'டி' படிவமும் தேவை.

உனக்குப் புகைப்படம் தேவையில்லை, அங்கேயே எடுப்பார்கள். பின்னணி வெள்ளை என்பதால் அந்த வெளிர் கிரீம் சுடிதார் வேண்டாம், கரும்பச்சையைப் போட்டுக்கொள். நான்கு வயதுக்குக் கீழ் என்பதால் குட்டிக்கு மட்டும் 4.5 x 3.5 செ.மீ. படம், வெள்ளைப் பின்னணியில், கையோடு எடுத்துப் போ. விரல்ரேகை பதிய வேண்டும், ஆகவே ஞாயிறு கல்யாணத்தில் விரல் நுனிகளில் மருதாணி வைக்காதே.

கால் மணி நேரம் முன்னதாக வந்தால் போதும் என்பார்கள். ஆனால் ஆற்காடு சாலையை நம்பி நான் கிளம்பமாட்டேன். 9.30-க்கு வாசலருகே இருங்கள், குட்டிக்குப் பால் கொடுக்கவாவது நேரம் கிடைக்கும்.