லாசோ பூஜ்யமாக்கிய வெப்பமானி

"அப்போ அந்த இரண்டாவது வெப்பமானி தேவையில்லை, அப்படித்தானே சார்?" என்று உற்பத்திப் பொறியாளர் கேட்டார். "ஆமாம், தேவையில்லை" என்றேன். அந்த ஆமாம்தான் இன்னும் உறுத்துகிறது.

90 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 64 சென்சார் அளவீடுகள். இறுதிப் பொருளின் வலிமையை எது தீர்மானிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்கு முன் இருந்தவர், மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் ஸ்டெப்வைஸ் முறையில் 8 மாறிகளைத் தேர்ந்தெடுத்திருந்தார், எல்லாவற்றுக்கும் p மதிப்பு 0.05-க்குக் கீழே. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வலிமை எண்களை மட்டும் குலுக்கிப்போட்டு, அதாவது அளவீடுகளோடு இருந்த தொடர்பை அறுத்துவிட்டு, அதே முறையை ஓட்டினேன். அப்போதும் 6 மாறிகள் "முக்கியம்" என்று வந்தன. 64 பேரில் சிறந்தவரைத் தேடிப் பிடித்துவிட்டு, தேடவே இல்லை என்பதுபோல் p மதிப்பைக் கணக்கிட்டால் இப்படித்தான் ஆகும்.

அதனால் லாசோ என்ற முறைக்குப் போனேன். ஸ்டெப்வைஸ் ஒரு மாறியை முழுதாக உள்ளே விடும், இல்லையென்றால் முழுதாக வெளியே தள்ளும். லாசோ எல்லா மாறிகளின் குணகங்களையும் ஒரே நேரத்தில் சுருக்குகிறது. சில சுருங்கிச் சுருங்கிப் பூஜ்யமாகின்றன. எவ்வளவு சுருக்குவது என்பதை, தரவில் ஒரு பகுதியை மாற்றி மாற்றி ஒதுக்கிவைத்துச் சோதிக்கும் கிராஸ் வேலிடேஷன் சொல்லும்.

```r
fit <- cv.glmnet(X, y, alpha = 1)
coef(fit, s = "lambda.1se")
```

5 மாறிகள் மிஞ்சின. முதல் வெப்பமானி இருந்தது, இரண்டாவது பூஜ்யம். அதைப் பார்த்துத்தான் ஆமாம் சொன்னேன்.

இரண்டும் ஒரே அடுப்பில் இருப்பவை, அவற்றின் ஒட்டுறவு 0.94. இப்படி ஒட்டிப்பிறந்த இரண்டில் லாசோ பெரும்பாலும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். எதை வைக்கும் என்பது தரவின் சின்ன அசைவைப் பொறுத்தது. இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று மாலைதான் தரவை 100 முறை மறுமாதிரி எடுத்து ஓட்டினேன். 53 முறை முதல் வெப்பமானி மட்டும், 38 முறை இரண்டாவது மட்டும், மீதி 9 முறை இரண்டும். `alpha = 0` வைத்து, லாசோவைப் போலவே சுருக்கும் ரிட்ஜ் முறையை ஓட்டியபோது இரண்டுக்கும் கிட்டத்தட்டச் சமமான குணகம் வந்தது. அது எதையும் பூஜ்யமாக்குவதில்லை, பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது.

நான் சொன்னது தவறு என்றும் சொல்ல முடியவில்லை. ஒன்றை எடுத்துவிட்டால் கணிப்புப் பிழை அநேகமாகக் கூடவே இல்லை. ஆனால் அவர் கேட்டது கணிப்பைப் பற்றி அல்ல, கருவியைப் பற்றி. "கணிப்புக்கு இரண்டில் ஏதாவது ஒன்று போதும், எது என்று என் கணக்கால் சொல்ல முடியாது" என்பதுதான் சரியான பதில். மிஞ்சியிருப்பது மெல்லப் பிழையாகக் காட்டத் தொடங்கினால், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டுமே. அதை எந்தக் குணகமும் சொல்லாது. ஸ்டெப்வைஸ் பட்டியலை நம்பியவரைக் குறை சொன்ன நான், என் பட்டியலையும் அதே மாதிரிதான் வாசித்தேனோ?

மறுநாள் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டார். "கழற்றியாச்சே சார்" என்றார்.