மலைப்பாதை ஓட்டுநருக்கு ஒரு பணி நிறைவு மடல்

பேருந்துப் பணிமனையின் அலுவலகப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு, வருகைப் பதிவேடும் டீசல் கணக்கும் போக, எழுதப்படாத பொறுப்பு ஒன்று உண்டு. ஓட்டுநரோ நடத்துநரோ ஓய்வு பெறும்போது, சட்டம் போட்டுக் கொடுக்கும் வாழ்த்து மடலை அவன்தான் எழுதித் தர வேண்டும். ‘உழைப்பின் சிகரமே’ என்று தொடங்கி, ‘இனியாவது ஓய்வெடுங்கள், பேரக்குழந்தைகளோடு மகிழ்ந்திருங்கள்’ என்று முடியும் அந்த நடை எனக்கு நன்றாகவே கைவரும். வாழப்பாடிப் பக்கம் நான்கு ஏக்கர் நிலம் வைத்துக்கொண்டு எப்போது விடுவார்கள் என்று காத்திருக்கும் ஒருவருக்கு அந்த மடல் முழுப் பொருத்தம். என் தாய்மாமாவுக்கு அது பொருந்தாது என்பது எனக்கு முன்பே தெரியும்.

மாமா பணிக்காலத்தின் பெரும்பகுதியை சேலம் – ஏற்காடு தடத்தில் ஓட்டியவர். 2020 ஜூலையில் 58 வயதில் அவர் ஓய்வு பெற்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள், அடுத்த ஆண்டு பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். இப்படி இரண்டு முறை தள்ளிப்போனதை வேறு சிலர் சலித்துக்கொண்டபோது, மாமா மட்டும் வட்டியில்லாக் கடன் கிடைத்தவரைப் போல இருந்தார். அதற்குக் காரணம் ஊரடங்கு. 2020 மார்ச் இறுதியில் பேருந்துகள் நின்றபோது, ஓய்வு என்றால் என்ன என்பதை அவர் முன்கூட்டியே ருசி பார்த்துவிட்டார்.

அப்போது அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே நாங்களும் குடியிருந்ததால் எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. முதல் வண்டி எடுக்கிற பழக்கத்தில் விடியுமுன் எழுந்து, குளித்து, சவரம் செய்துகொண்டு, திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். முதல் வாரத்தில் கட்டிலின் ஆடும் காலைச் சரிசெய்தார், மோட்டார் குழாய்க்கு வாஷர் மாற்றினார். அதன் பிறகு வீட்டில் பழுது எதுவும் மிச்சமில்லை. அவர் படும் பாட்டைப் பார்த்த அத்தை, வாசலில் பால் ஊற்றுகிறவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும்படி மாமாவை அனுப்பினார். இரண்டாம் நாளே பால்காரரைத் தெருமுனையில் பார்த்து விசாரித்துவிட்டார் மாமா. அன்று அவருக்கு வந்த கோபம் பாலைப் பற்றியது அல்ல. தனக்கென்று ஒரு வேலையை ஜோடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பதே அவரைச் சுட்டது.

ஓய்வு நாள் நெருங்க நெருங்க, உறவினர்கள் சொன்ன யோசனைகளும் அந்தப் பால் வேலையின் வகைதான். ஏதாவது கம்பெனியில் காவலாளியாகப் போகலாம், கோயில் கமிட்டியில் சேரலாம், காலையில் நடக்கப் போகலாம் என்றார்கள். மாமா எதையும் மறுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒரு நாள், “மாப்ள, வண்டி ஓட்டாம இருக்கறது பெரிசில்லடா. மேல காலைல ஸ்டாப்புல நிக்கறவங்க, இன்னும் வண்டி வரலியேன்னு ரோட்டப் பாப்பாங்கல்ல, அதுக்கப்புறம் நம்மள யாரு பாக்கப் போறாங்க?” என்றார். நேரம் போகாதே என்பது அவருடைய பயம் இல்லை. யாரும் எதிர்பார்க்காத ஆளாகிவிடுவோமே என்பதுதான் பயம். அப்படிப்பட்டவருக்கு ‘நன்றாக ஓய்வெடுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால், ‘உங்களை இனி எதிர்பார்க்க மாட்டோம்’ என்பதைக் கண்ணாடி போட்டுக் கொடுத்தது போலாகும்.

ஆகவே மடலை எழுதுவதற்கு முன், மாமா இல்லாமல் போனால் உண்மையிலேயே யாருக்குக் குறை ஏற்படும் என்று தேடினேன். அத்தையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டேன்; அவர்கள் பாசத்தால் பேசுவார்கள். அந்த ஆண்டுதான் மலைத்தடத்துக்குப் புதிதாகப் போடப்பட்டிருந்த ஓர் இளம் ஓட்டுநரைப் பிடித்தேன். தரையில் நன்றாக ஓட்டுகிற பையன். மலையில் எது பயமாக இருக்கிறது என்று கேட்டதற்கு, ஏறுவதில் ஒன்றுமில்லை, இறங்குவதுதான் என்றான். அடிவாரத்துக்கு வந்து சேரும்போது சக்கரத்திலிருந்து கருகிய வாடை வருகிறது, மற்றவர்கள் வண்டியில் அப்படி வருவதில்லை, யாரிடம் கேட்பதென்று கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னான். பயிற்சியில் எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். சொன்னதற்கும் கால் பழகுவதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் அவன் நின்றுகொண்டிருந்தான்.

இதை அப்படியே மாமாவிடம் கொண்டுபோனேன். அவர் முகத்தில் அவ்வளவு நாளாக இல்லாத ஒரு கவனம் வந்தது. அடுத்த ஒரு மணி நேரம் அவர் சொன்னதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

சேலம் நகரம் மலையின் காலடியில் கிடக்கிறது, ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆட்களோடும் மூட்டைகளோடும் இறங்குகிற ஒரு பேருந்தின் பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்க முடியாது. எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்கி, இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடிக்க வேண்டும். புதிய ஓட்டுநர் ஒரு கியர் கூட்டிப் போட்டுவிட்டு, வேகம் ஏற ஏறப் பிரேக் மிதி மீது காலை வைத்தபடியே வருவான். மிதி லேசாகத்தான் அமுங்கியிருக்கிறது என்று அவன் நினைப்பான். லைனிங் விடாமல் டிரம்மில் உரசிச் சூடேறிக்கொண்டே இருக்கும், சூடு ஏற ஏறப் பிடிப்பு குறையும். வாடை வருவது அதன் முதல் அறிகுறி. முந்தைய வளைவில் மிதித்த அளவு இந்த வளைவில் போதவில்லை என்று கால் உணர்வது இரண்டாவது. விட்டுவிட்டு மிதிக்கிறேன் என்று படபடவென மிதித்துத் தள்ளினால் காற்றும் செலவாகும். ஏர் பிரஷர் மீட்டரில் முள் இறங்குவது அதன் அடையாளம். வளைவுக்கு முன்பே, நேரான பாதையில், ஒரே மிதியாக உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, காலை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வேண்டும். வாடை வந்துவிட்டால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால், கொதிக்கிற டிரம் வெடிப்பு விட்டுவிடும்.

“வாட வருதுன்னு அவனே சொன்னான்ல? அப்ப நல்ல பையன்தான், தேறிடுவான். மறைக்கறவன்தான் கஷ்டம்” என்றார் மாமா. வளைவில் திரும்புவதைப் பற்றியும், மலைமேல் மேகம் படுத்துவிடும் கார்த்திகை நாட்களைப் பற்றியும் அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. திரும்புமுன் கண்ணை பம்பரின் மீது வைக்காமல் மேலே அடுத்த மடிப்பில் எது வருகிறது என்று பார்க்க வேண்டும், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் நின்று வழிவிட வேண்டும் என்பவற்றை மட்டும் நான் குறித்துக்கொண்டேன். மற்றதைப் பையனே வந்து கேட்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டுவைத்தேன்.

இதற்கொரு எல்லை உண்டு. பணி முடிந்தவரை மறுபடி வண்டியில் ஏற்றி, ஓட்டுகிறவன் பக்கத்தில் நிற்க வைக்க முடியாது. விதியும் இடம் தராது, பயணிகளுக்கும் நல்லதல்ல. புதிய ஓட்டுநர்களுக்கு உங்களைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்வார்கள் என்று நான் ஆசை காட்டியிருந்தால், அதுவும் இன்னொரு பால் வேலையாக முடிந்திருக்கும். அதனால் மடலில் நிர்வாகத்தின் பெயரால் எதையும் கேட்கவில்லை. இளம் ஓட்டுநரின் சம்மதத்தோடு, அவன் சார்பில், அவனால் காப்பாற்றக்கூடிய அளவுக்கு மட்டுமே கேட்டேன். வழக்கமான சிகரங்களை எல்லாம் எடுத்துவிட்ட பின் மடல் இப்படி அமைந்தது:

“ஏற்காட்டுப் பாதையில் எங்களோடு பணியாற்றிய அன்பருக்கு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதைச் சொல்லித் தருகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். எந்த வளைவுக்கு முன்னால் காலை எடுக்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் சிலரே. அது உங்கள் காலில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. இந்தத் தடத்துக்குப் புதிதாக வந்திருப்பவர், தம் வார ஓய்வு நாளில் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்க விரும்புகிறார். கார்த்திகைக்குள் அவருக்கு மேகத்தில் ஓட்டும் முறையைச் சொல்லித் தர வேண்டும். வரும் வாரமே அவர் வருவார், வீட்டில் இருங்கள். நலமும் நீண்ட ஆயுளும் பெற வாழ்த்துகிறோம்.”

நண்பர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, வாழ்த்து மாதிரியே இல்லையே, சம்மன் மாதிரி இருக்கிறதே என்றார். ‘வீட்டில் இருங்கள்’ என்ற இடம் அவருக்கு உறுத்தியது. எனக்கு அந்த இடம்தான் மடலிலேயே முக்கியம் என்று பட்டதால் மாற்றவில்லை. 2022 ஜூலைக் கடைசியில் விழா நடந்தது. சால்வை, மாலை, மோதிரம், பிரியாணி எல்லாம் எல்லோருக்கும் போலவே. மடலை வாசித்தபோது மாமா நெகிழ்ந்ததாகத் தெரியவில்லை. கூட்டத்தில் அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்று தேடிக்கொண்டிருந்தார்.

பையன் சொன்னபடி வந்தான். முதல் முறை அத்தை கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கேள்வி கேட்கத் தயங்கினான். அடுத்த முறை, ஒரு பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் மாமா வரைந்து வைத்திருந்த மலைப்பாதை அவனுக்காகக் காத்திருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் எண், எங்கே தண்ணீர் வடிந்து தார் வழுக்கும், எங்கே ஒதுங்க இடம் உண்டு என்ற குறிப்புகள். ஐப்பசி மழையில் பையன் வேறு இருவரையும் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினான். எல்லா நாளும் சரியாகப் போனது என்று சொல்ல மாட்டேன். யாரும் வராத வாரங்களில் மாமா பழையபடி திண்ணையில் சிடுசிடுப்பாக உட்கார்ந்திருந்ததும் உண்டு. அந்த நாட்களுக்கு என் மடலில் மருந்தில்லை.

இப்போது அவருடைய புகார் வேறு. சாப்பிடும் நேரத்தில் போன் செய்கிறார்கள் என்று அத்தையிடம் சலித்துக்கொண்டு, இரவு ஏழு மணிக்கு மேல்தான் பேச வேண்டும் என்று கட்டளை போட்டிருக்கிறார். சென்ற மாதம் ஒருவன், தான் ஓட்டும் புது வண்டியின் டேஷ்போர்டில் எரிகிற விளக்கு ஒன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறான். அது தனக்குத் தெரியாது என்று நேராகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் சவரம் செய்துகொண்டு பணிமனைக்கு வந்தவர், என் அறைப் பக்கம்கூட எட்டிப் பார்க்காமல், மெக்கானிக்கைத் தேடிக்கொண்டு போனார்.