இடது பாதி பாலக்கோடு, வலது பாதி ஓசூர்

நான் எடுத்துக்கொண்டிருக்கும் படத்தின் போன் காட்சி ஒருவழியாகப் பேப்பரில் சரியாக வந்துவிட்டது. எடுத்தவரை ரஃப் கட்டில் ஓட்டிப் பார்த்தாலும் சரியாக இருக்கிறது. அம்மா பாலக்கோடு தக்காளி மண்டியில், பையன் ஓசூர் பஸ் ஸ்டாண்டில். அவளுடைய தக்காளி விற்கவில்லை, அவனுக்கு வேலை போய்விட்டது, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி.

இதை இன்டர்கட்டாக எழுதியிருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். ஆனால் இன்டர்கட்டில் அம்மா பொய் சொல்லும்போது அவள் முகம், பையன் பொய் சொல்லும்போது அவன் முகம் என்று மாறி மாறி வரும். பொய் ஒரு பக்கம் ஓடும்போது அதைக் கேட்கிறவன் மறுபக்கம் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்பதுதான் எனக்கு வேண்டும், அதற்குத் திரையை இரண்டாகப் பிரித்து இருவரையும் ஒன்றாகக் காட்டும் ஸ்பிளிட் ஸ்க்ரீன்தான் சரி. கேட்கிறவருக்குச் செய்ய ஒன்றுமில்லை என்றால் ஸ்பிளிட் போடாதீர்கள், பாதித் திரை சும்மா கிடக்கும்.

எழுதுவதில் எல்லோரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. ஃபவுண்டன் என்ற திரைக்கதை எழுதும் முறையில் இரண்டாவது பாத்திரத்தின் பெயருக்குப் பின்னால் ^ போட்டால் வசனம் இரண்டு பத்தியாகப் பக்கத்தில் பக்கத்தில் வரும். பார்க்க ஸ்பிளிட் ஸ்க்ரீன் மாதிரியே இருப்பதால் காட்சி முழுவதையும் அப்படி எழுதிக்கொண்டுவருகிறார்கள். அது டூயல் டயலாக், அதாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்று பொருள். படம் இரண்டாகப் பிரிவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பிளிட்டில் வசனம் வழக்கம்போல ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும், பேச்சு மோதுகிற இடத்தில் மட்டும் ^. இரண்டு பேரும் திரையில் தெரிவதால், ஆள் தெரியாமல் குரல் மட்டும் வருவதைக் குறிக்கும் வி.ஓ. என்று போடவும் வேண்டியதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும் வரியைத்தான் ஃபவுண்டன் பாத்திரப் பெயர் என்று எடுத்துக்கொள்ளும், நம் எழுத்தில் பெரியது சிறியது கிடையாதே. அதனால் பெயருக்கு முன் @. காட்சித் தலைப்பும் INT., EXT. என்று ஆரம்பிக்காததால் அதற்கு முன் ஒரு புள்ளி. என்னுடைய பக்கத்தில் கொஞ்சம்:

```
.ஸ்பிளிட் ஸ்க்ரீன் - இடது: பாலக்கோடு மண்டி / வலது: ஓசூர் பஸ் ஸ்டாண்ட் - காலை

இடது: அம்மா, போன் இடது காதில். விற்காத பெட்டிகள் மேல் சாக்கை இழுத்து மூடுகிறாள் (4 நொடி).
வலது: குமார், போன் வலது காதில். பன்னைப் பிரிக்கிறான்.

@அம்மா
நல்ல வெலைக்குப் போச்சுடா. சாப்டியா?

வலது: பன்னைக் கடிக்கப் போனவன் நிறுத்துகிறான் (2 நொடி).

@குமார்
கேன்டீன்ல பொங்கல்மா.

@அம்மா
சரி, வெச்சிடட்டுமா?

@குமார் ^
மா, பணம் ஏதாவது...
```

காது எதற்கு என்று நடிக்க வந்த தம்பியே கேட்டான். இடது பாதியில் இருப்பவர் திரையின் வலப்பக்கம் பார்க்க வேண்டும், வலது பாதியில் இருப்பவர் இடப்பக்கம், அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்துப் பேசுவது போல இருக்கும். அம்மா வலப்பக்கம் திரும்பும்போது கேமராவுக்குத் தெரிவது அவளுடைய வலது கன்னம். அந்தக் காதிலேயே போனை வைத்தால் கையும் போனும் சேர்ந்து முகத்தை மறைத்துவிடும். அதனால் கேமராவுக்கு அந்தப் பக்கக் காது. படப்பிடிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வலக்கைக்காரர்கள் எல்லோரும் வலது காதுக்குத்தான் கொண்டுபோவார்கள், எழுதியே வைத்துவிடுவது நல்லது.

அடைப்புக்குள் இருக்கும் நொடிக் கணக்குக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். சாதாரணக் காட்சியில் ஒரு இடைவெளி நீண்டுவிட்டால் எடிட்டில் நறுக்கலாம். ஸ்பிளிட்டில் இரண்டு பாதியும் வெட்டில்லாமல் ஓடுவதால், அம்மாவின் பக்கம் அரை நொடி நறுக்கினால் அவள் முகம் துள்ளுவது அப்படியே தெரியும். ஆகவே பேச்சின் தாளம் எடுப்பதற்கு முன்பே பூட்டப்பட வேண்டும். உட்கார்ந்து வாசித்துப் பார்த்துக் கணக்குப் போடுவதும் உதவாது, சாக்கு மூடுகிற 4 நொடி வாசிப்பில் வராது. நிஜமாகவே சாக்கையும் பெட்டியையும் வைத்து, இரண்டு பேரையும் ஒரே அறையில் எதிரெதிரே நிறுத்தி, முழு உரையாடலையும் பதிவு செய்தோம். ஆளுக்கு ஒரு மைக். பிறகு குமார் பேசியதை மட்டும், அம்மா பேசும் இடங்களை அமைதியாக விட்டு, ஒரு தனி ஆடியோ. அம்மா பேசியதை மட்டும் வைத்து அதேபோல இன்னொன்று. இரண்டிலும் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கை.

குமாரின் ஆடியோவை அம்மாவின் காதுக்கும், அம்மாவின் ஆடியோவைக் குமாரின் காதுக்கும் கொண்டுபோவதற்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பாட்டு போலப் போட்டால் ஸ்பீக்கரில் அலறும். வாட்ஸப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால், போனைக் காதோடு வைத்ததும் சத்தம் காதுப் பக்கத்துச் சின்ன ஸ்பீக்கருக்கு மாறிவிடும். காட்சியில் இருக்கும் அதே போன், அதே காது. மண்டி இரைச்சலில் மைக்குக்கு அது கேட்கவே இல்லை. மூன்று என்றதும் நடிகர் தொடையில் ஒரு தட்டு, எடிட்டில் இரண்டு தட்டையும் ஒன்றாக வைத்தால் இரண்டு ஊரும் சேர்ந்துகொள்ளும். ஆனால் போன் கேமரா ஃபிரேம் ரேட்டை ஏற்றி இறக்கிப் பதிவு செய்வதால் போகப் போக விலகும், முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மென்பொருளில் போட்டு ஒரே ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஃபிரேமைப் பற்றி ஒரு வரி: 1920-க்கு 1080 திரையில் பாதி என்றால் 960-க்கு 1080, ஏறக்குறைய சதுரம். படம்பிடிக்கும் போனின் திரையில் இரண்டு ஓரத்திலும் கால் பங்கை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டால் கேமராக்காரருக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.  ஸ்கிரிப்டை அச்சடிப்பதிலும் ஒரு தொல்லை, தர்மபுரியில் ஒரு பிரிண்ட் கடையில் ஸ்கிரிப்டைக் கொடுத்தால் தமிழ் முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது. அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை, பைலையே குறை சொல்கிறார்கள். இப்போது பி.டி.எஃப்-இல் எழுத்துருவைச் சேர்த்தே கொண்டுபோகிறேன். டூயல் டயலாக்கின் ஒடுக்கமான பத்தியில் நம்முடைய நீளச் சொற்கள் மடங்கி விழுவதற்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.

காட்சியின் கடைசிப் பகுதி பிக்சர் இன் பிக்சர், அது இன்னும் எடுக்கவில்லை. அம்மா பெட்டியிலிருந்து அழுகியதைப் பொறுக்கிப் போடும் கைகள் முழுத் திரையில், மகனின் முகம் மூலையில் சின்னதாக. பெரிய படத்திலும் முகம் என்றால் இரண்டும் சண்டை போடும், வேலை செய்கிற கை என்றால் ஒத்துப்போகிறது. வலது மேல் மூலை காலியாக இருக்கட்டும் என்று ஆக்‌ஷன் வரியிலேயே எழுதிவிட்டேன், கீழே வைத்தால் சப்டைட்டில் மேல் ஏறும். சின்னக் கட்டம் மூடிய பிறகும் அவன் குரல் தொடர்வதால் அங்கிருந்து மட்டும் அவனுக்கு வி.ஓ. உண்டு. ஸ்பிளிட்டில் இரண்டு குரலையும் சுத்தமாக விட்டு, ஒன்றைக் கொஞ்சம் இடது ஸ்பீக்கருக்கும் மற்றதை வலதுக்கும் தள்ளினேன். கட்டத்துக்குள் வந்ததும் மகன் குரலை 300-இலிருந்து 3400 ஹெர்ட்ஸுக்குள் அடக்கினால் போன் குரலாகிவிடும். திடீரென்று மாறினால் காதில் உறுத்துமோ என்னவோ, போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்குள் அடுத்ததுக்கும் கை அரிக்கிறது. 1913-இலேயே அமெரிக்க இயக்குநர் லோயிஸ் வெபர் ஒரு மௌனப் படத்தில் திரையை மூன்று முக்கோணமாகப் பிரித்து, போனில் பேசும் மனைவி, கணவன், வீட்டுக்குள் நுழையப் பார்க்கும் நாடோடி மூவரையும் ஒன்றாகக் காட்டிவிட்டார். நமக்கு ஒரு கான்ஃபரன்ஸ் கால் போதும், கிருஷ்ணகிரியில் இருக்கும் அக்காவையும் லைனில் இழுத்துவிடலாம். மூன்று பேருக்கு வாய்ஸ் மெசேஜை எப்படிப் பிரிப்பது, யார் யாரைப் பார்ப்பது என்று நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன். பெட்டி கொடுத்த மண்டிக்காரர் அதற்குள் பெட்டியைக் கேட்கிறார், முதலில் அந்தக் கைகளைப் படமெடுத்து முடிக்க வேண்டும்.