மேசை விளக்கும் சன்னல் வெளிச்சமும்: மூன்றாவது சுருளில் கிடைத்த படம்

தோ பாயோவில் எங்கள் வீவக வீட்டு ஹாலில் ஒரு மேசை விளக்கு இருக்கிறது. துணிக் கூடு போட்ட பழைய விளக்கு. பொழுது சாயும் நேரத்தில் அம்மா அதன் கீழே உட்கார்ந்து தமிழ் முரசு படிப்பார். ஹாலில் மற்ற விளக்கு எதுவும் எரியாது, சன்னல் வழியாக வரும் மங்கிய வெளிச்சம் மட்டும் இருக்கும். இந்தக் காட்சியை அப்படியே கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுக்க வேண்டும் என்று ஜனவரியில் ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது இரண்டு: விளக்குக் கூடு வெளுத்துப் போகாமல் அதன் நெசவு தெரிய வேண்டும், நிழல் பகுதிகளில் ஃபிலிமின் மணி, அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் வெள்ளித் துகள், இயல்பாக இருக்க வேண்டும்.

முதல் சுருள் வீணானது. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் ஃபிலிமை ஐஎஸ்ஓ 1600 என்று வைத்துக்கொண்டு கையிலேயே பிடித்து எடுத்தேன், பிறகு கூடுதல் நேரம் டெவலப் செய்தேன். வெளிச்சம் குறைந்தால் 'புஷ்' செய்ய வேண்டும், அதில் மணியும் நன்றாக வரும் என்பதுதான் அதுவரை நான் கேள்விப்பட்டது. நெகட்டிவில் கூடு இருந்த இடம் கரிக்கட்டை. அம்மாவுக்குப் பின்னால் இருந்த சோபா வெறும் கண்ணாடி போல, ஒன்றுமே பதியாமல் இருந்தது. காரணம் எளிது. டெவலப் நேரத்தை நீட்டினால் நன்றாக ஒளி பட்ட இடங்கள்தான் மேலும் மேலும் அடர்த்தியாகும்; ஒளியே படாத நிழலில் வளர்வதற்கு ஒளி பட்ட வெள்ளி இல்லை. அந்த வெற்று இடத்தை ஸ்கேன் செய்து வெளிச்சமாக்கினால் வருவது ஸ்கேனரின் இரைச்சல். மணி என்பது ஒளி பட்ட வெள்ளியில்தான் இருக்கிறது. அதனால் மணி வேண்டுமென்றால் நிழலுக்கும் போதிய ஒளி கொடுத்தாக வேண்டும்.

சரி, இரண்டாவது சுருளில் கேமராவை முக்காலியில் வைத்தேன், பெட்டியில் எழுதியிருக்கும் 400 வேகத்துக்கே அளந்தேன். கூடு வெளுக்கிறதே என்று 9 வாட் எல்இடி பல்பைக் கழற்றிவிட்டு 3 வாட் பல்பு போட்டேன். கூடு மறுபடியும் வெளுத்தது! இங்கேதான் நான் ஒரு வாரம் முட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மாலை ஸ்பாட் மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக அளந்து தாளில் எழுதியபோதுதான் விஷயம் புரிந்தது. 9 வாட் பல்பில், எஃப் 5.6 துவாரத்துக்கு அம்மாவின் முகம் கால் விநாடி காட்டியது, கூடு 1/250 காட்டியது. ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு; நடுவில் ஆறு ஸ்டாப் வித்தியாசம். 3 வாட் பல்பிலும் அதே ஆறு ஸ்டாப்தான். கூட்டுக்கும் முகத்துக்கும் ஒளி தருவது ஒரே பல்பு, அதைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். முகத்துக்குத் தகுந்தபடி ஒளி கொடுக்கும்போது கூடு பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

அப்படியானால் பல்பு எதை மாற்றுகிறது? மாலையில் எத்தனை மணிக்குப் படம் எடுப்பது என்பதைத்தான். சிங்கப்பூரில் பொழுது விறுவிறுவென்று இருட்டிவிடும். பிப்ரவரி நடுவில் சூரியன் சுமார் 7.20க்கு மறைகிறது, அடுத்த இருபது நிமிடத்துக்குள் ஏறக்குறைய இருட்டு. எங்கள் சன்னலில் தெரிகிற வானம் முதலில் மெதுவாகவும் பிறகு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கிலும் இறங்குவதை மீட்டரில் பார்த்தேன். விளக்கு மாறாது, வானம் இறங்கிக்கொண்டே இருக்கும். வானம் முகத்தைவிட இரண்டு ஸ்டாப் மட்டும் கூடுதலாக இருக்கும் அந்தச் சில நிமிடம்தான் நமக்கு வேண்டும். அதற்கு முன்னால் எடுத்தால் சன்னல் வெளுத்துவிடும். தாமதித்தால் சன்னல் கறுப்புச் சதுரமாகி, எதிர் புளோக்கின் நடைபாதை விளக்குகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். 3 வாட் பல்பு போட்டால் அந்த நேரம் 7.34 வாக்கில் வருகிறது, 9 வாட் போட்டால் 7.29 வாக்கில். அதனால் 9 வாட்டுக்கே திரும்பினேன். அம்மா அசையாமல் இருக்க வேண்டிய நேரமும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

கூட்டின் பிரச்சினைக்கு வழி கூட்டுக்குள்ளேயே இருந்தது. பழுப்பு நிறக் கடித உறை ஒன்றைப் பிரித்து, கூட்டின் உயரத்துக்கு இரண்டு துண்டு எடுத்து, கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினேன். பின்பக்கமும் மேல் கீழ் வாய்களும் திறந்தபடியே இருந்தன. கேமராவுக்குத் தெரியும் துணி மங்கியது, மேசையிலும் முகத்திலும் விழும் ஒளி கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. கூடு இப்போது 1/30 காட்டியது. மூன்று ஸ்டாப் மிச்சம். காகிதத்தின் ஓரம் நிழலாகத் தெரியாமல் இருக்க அதைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துவிட்டேன். குண்டு பல்பு போட்டிருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். அந்தச் சூட்டில் காகிதம் கருகும். எல்இடியிலும் காகிதம் பல்பைத் தொடாமல் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கவனித்தேன். அம்மா பேப்பரை மேசையில் விரித்து வைத்தால் விளக்கின் கீழ் ஒளி அதில் பட்டு அவர் முகவாய்க்கு ஏறுகிறது. கண்ணுக்குக் கீழே இருந்த கருநிழல் குறைகிறது. கையில் தூக்கிப் பிடித்தால் அது போய்விடுகிறது. "பேப்பரைக் கீழே வைச்சுப் படிங்கம்மா" என்றேன். "எழுத்து தெரியலைடா, எவ்வளவு நேரம்?" என்றார். ஐந்து நிமிடம் என்று சொல்லி மூன்றாவது சுருளில் ஆறு படம் எடுத்தேன். கால் விநாடி, அரை விநாடி, ஒரு விநாடி என்று இரண்டு சுற்று. நீண்ட நேரம் ஒளி கொடுக்கும்போது ஃபிலிமின் வேகம் குறையும், ஆனால் எச்பி5இல் அரை விநாடி வரை அதற்காகக் கூடுதல் நேரம் சேர்க்கத் தேவையில்லை என்று இல்ஃபோர்ட் சொல்கிறது, அதனால் கணக்கும் சுலபம்.

டெவலப் செய்ய ஐடி-11, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து, 20 டிகிரியில் 13 நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 28, 29 டிகிரியில் வருகிறதே, அதனால் பாத்திரத்தில் ஐஸ் போட்டு அதற்குள் போத்தல்களை வைத்துக் குளிரவிட்டேன். அலசும் தண்ணீரையும் சேர்த்துத்தான். முதல் பத்து விநாடியில் நான்கு முறை, பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை தொட்டியைக் கவிழ்த்தேன். அதற்குமேல் ஆட்டவில்லை. கூடுதலாக ஆட்டினால் கூடு மறுபடியும் கரியாகிவிடும்.

காய்ந்த நெகட்டிவை அன்றைய முரசின் மேல் வைத்துப் பார்த்தேன். அடர்த்தியான இடத்தின் வழியாக அச்செழுத்து மங்கலாகவாவது படிக்க முடிந்தால் அந்த வெளிச்சப் பகுதி பிழைத்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு விநாடி கொடுத்த படத்தில் கூட்டின் அடியில் எழுத்து மறைந்துவிட்டது. கால் விநாடிப் படத்தில் நன்றாகப் படிக்க முடிந்தது, ஆனால் சோபா பாதி வெறுமை. அரை விநாடிப் படத்தில் தலைப்புச் செய்தியின் எழுத்துகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன, சோபாவின் மடிப்பும் பதிந்திருந்தது.

அந்தப் படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். கூட்டில் குறுக்கு நூல் தெரிகிறது. சன்னல் கம்பிக்குப் பின்னால் வானம் இளஞ்சாம்பல், எதிர் புளோக்கில் ஒரே ஒரு வீட்டில் விளக்கு. அம்மாவின் கன்னத்தில் மணி மெல்லிய ரவை போல ஒரே சீராக இருக்கிறது, நிழலுக்குள் போகப்போகச் சற்றே கரடாகிறது. வலது கை விரல் மட்டும் லேசாகக் கலங்கியிருக்கிறது. அந்த அரை விநாடியில் பக்கத்தைப் புரட்டப் போயிருக்கிறார்.